காசநோய் சிகிச்சைக்கு நேரம் கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம்: நோயின் பெயர் வேண்டுமா, தேதிகள் போதுமா?

புதுடாக்டர்:
நுரையீரல் காசநோய்க்கு மார்ச் 2, திங்கட்கிழமை மருந்து தொடங்கிய ஒரு தொழிலாளிக்குக் கடிதம் கொடுத்தேன். "ஆறு மாதம் சிகிச்சையில் இருக்கிறார், தேவைப்படும்போது விடுப்பு அளிக்கவும்" என்று எழுதியிருந்தேன். என்ன நோய், எத்தனை நாள் என்று கேட்டு நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டது. நோயின் பெயர் வெளியே போகக்கூடாது என்கிறார் நோயாளி. இனி எப்படி எழுதுவது?

நெஞ்சகப்பிரிவு:
திருப்பி அனுப்பியதில் நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் வரியில் இரண்டு வெவ்வேறு கோரிக்கைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, தொடக்கத்தில் வேலைக்கே வராமல் இருக்க வேண்டிய நாட்கள். மற்றது, வேலைக்குத் திரும்பிய பிறகு மருத்துவமனைக்கு வந்துபோக வேண்டிய சில மணி நேரங்கள். இரண்டையும் சேர்த்து "ஆறு மாதம்" என்றால், படிப்பவர் கண்ணுக்கு ஆறு மாத ஓய்வாகத்தான் தெரியும். உடனே அந்த இடத்துக்கு வேறு ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். அதனால் இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். நோயின் பெயர் இரண்டிலும் தேவையில்லை.

மனிதவளமேசை:
எதிர்த்தரப்பிலிருந்து சொல்கிறேன். பெயரில்லாத கடிதம் மேசைக்கு வந்தால் முதலில் வருவது சந்தேகம்தான். ஆறு மாதம் இழுக்கும் சிகிச்சை, காரணம் சொல்ல மாட்டார்கள், ஆனால் நாங்கள் ஷிப்ட் மாற்றித் தர வேண்டும். போலிக் கடிதங்களும் வராமல் இல்லை. காசநோய் என்று ஒரு வார்த்தை இருந்தால் மேலிடத்தில் பேசி வாங்கித் தர எனக்கே சுலபம். மறைப்பதால் நஷ்டம் தொழிலாளிக்குத்தான்.

நெஞ்சகப்பிரிவு:
அந்தக் கடிதம் உங்கள் மேசையோடு நிற்குமா? ஷிப்ட் மேற்பார்வையாளர் பார்ப்பார், வருகைப் பதிவு பார்ப்பவர் பார்ப்பார், கோப்பில் நகல் இருக்கும். மருந்து முடிந்து, குணமாகி, இரண்டு வருடம் கழித்தும் அந்தத் தாள் அங்கேயே கிடக்கும். போலியா என்பதுதான் கவலை என்றால், கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். "ஆம், நாங்கள் கொடுத்ததுதான்" என்று மட்டும் சொல்வோம். அதற்கு மேல் சொல்ல நோயாளியின் ஒப்புதல் வேண்டும்.

இன்னொன்று, புதுடாக்டர். நோயின் பெயரைக் கடிதத்துக்குள் எழுதாமல் தாளின் தலைப்பில் எழுதிவிடுகிறோம். "காசநோய்ப் பிரிவு" என்று அச்சடித்த தாளும் முத்திரையும் இருந்தால் உள்ளே எதை மறைத்து என்ன பயன்? மருத்துவமனையின் பொதுத் தாளில் எழுதுங்கள்.

தமிழரசு:
இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டாமே. மருந்து தொடங்கி இரண்டு வாரம் ஆனால் தொற்றாது. "இரண்டு வாரம் விடுப்பு, பிறகு இவரால் யாருக்கும் தொற்றாது" என்று எழுதிவிட்டால் முடிந்தது.

நெஞ்சகப்பிரிவு:
பாதி சரி. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாக இருந்து, மாத்திரைகளை நாள் தவறாமல் விழுங்கினால், பரவும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும். இரண்டு வாரம் என்பது அதை வைத்து வந்த நடைமுறைக் கணக்கு. ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படவில்லை என்று சோதனையில் வந்தால் அந்தக் கணக்கு செல்லாது. இருமல் குறையவில்லை, காய்ச்சல் நிற்கவில்லை என்றாலும் பதினைந்தாம் நாள் அனுப்பிவிட முடியாது. காற்றோட்டமில்லாத அறையில் பலரோடு வேலை செய்பவர், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் என்றால் சளிப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு.

அது போக, "யாருக்கும் தொற்றாது" என்ற வரியே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். முதுகுவலிக்காரருக்கு யாரும் அப்படி எழுதுவதில்லை! "இந்தத் தேதியிலிருந்து வழக்கமான பணியைச் செய்யத் தகுதியுடையவர்" என்றால் போதும். அதற்குள் எல்லாம் அடங்கிவிடும்.

வெண்மதி:
என் தம்பிக்குக் கழுத்தில் நெறிகட்டி, அது காசநோய்க் கட்டி என்றார்கள். வேலை பார்க்கும் இடத்தில் ஒரு மாதம் வரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் அவனுக்கும் இந்த இரண்டு வார விடுப்புக் கடிதம் வாங்க வேண்டுமா?

நெஞ்சகப்பிரிவு:
வேண்டாம், அம்மா. இங்கே பேச்சு நுரையீரல் காசநோய் பற்றி. இருமும்போது காற்றில் பரவுவது அதுதான். கழுத்துக் கட்டி மட்டும் இருந்து, நெஞ்சுப் படமும் சளியும் சுத்தம் என்றால் அவரை ஒதுக்கி வைக்கக் காரணமே இல்லை. உடம்பு தாங்கினால் வேலைக்குப் போகலாம். அவருக்கு வேண்டியது "பணிக்குத் தகுதியானவர்" என்ற ஒரு வரியும், மாதாந்திர வருகைக்கான தேதிகளும்.

புதுடாக்டர்:
சரி, முதல் பத்தி புரிந்தது. இரண்டாவதில் "ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை அரை நாள்" என்று போட்டுவிடலாமா? நினைவில் வைக்க எளிது.

மனிதவளமேசை:
அது பிரமாதம். இப்படித் தெளிவாக எழுதினால் பெயர்கூட நான் கேட்க மாட்டேன்.

நெஞ்சகப்பிரிவு:
பார்க்க அழகு, ஆனால் நோயாளி மாட்டிக்கொள்வது இதில்தான். மாத்திரையை 28 நாள் கணக்கில் கொடுக்கிறீர்கள்தானே? முதல் திங்களிலிருந்து அடுத்த முதல் திங்களுக்கு இடைவெளி சில நேரம் 28 நாள், சில நேரம் 35 நாள். உங்கள் நோயாளிக்கே போட்டுப் பாருங்கள். மார்ச் 2-இல் கொடுத்த மாத்திரை மார்ச் 29 இரவோடு தீர்ந்துவிடும். அடுத்த முதல் திங்கள் ஏப்ரல் 6. ஆக ஏழு நாள் மாத்திரையே இல்லை. அதுவும் முதல் இரண்டு மாதத்துக்குள், கிருமிகள் அதிகமாக இருக்கும் காலத்தில். ஜூலையிலும் இதே கதை வரும். நோயாளி மறந்தார் என்று நாம் பதிவேட்டில் எழுதுவோம். அவர் மறக்கவில்லை, நம் கடிதம் சொன்ன நாளில்தான் வந்தார்.

28 நாள் வீதம் எண்ணினால் மார்ச் 30, ஏப்ரல் 27, மே 25, ஜூன் 22, ஜூலை 20, ஆகஸ்ட் 17. இந்த ஆறு தேதிகளையும் அப்படியே எழுதுங்கள். கிழமைக் கணக்கு வேண்டாம். எந்தத் தேதியாவது விடுமுறை நாளில் விழுந்தால் அதற்கு முந்தைய வேலைநாளாக மாற்றுங்கள், பிந்தையதாக அல்ல.

மனிதவளமேசை:
ஒரு மாதத்துக்கு 35 நாள் மாத்திரை கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே? எங்களுக்கு மாத இறுதியில் சரக்கு எண்ணும் வேலை. மார்ச் 30-ம் ஏப்ரல் 27-ம் சரியாக அதில் வந்து விழுகின்றன.

நெஞ்சகப்பிரிவு:
நியாயமான கேள்விதான். பிந்தைய நான்கு மாதத்தில், கையிருப்பு இருந்து, நோயாளியும் நலமாக இருந்தால் ஒரு வார மாத்திரை கூடுதலாகக் கொடுத்து நாளை நகர்த்தலாம். நீங்கள் சொன்ன இரண்டு தேதிகளும் முதல் இரண்டு மாதத்தில் வருகின்றன. அப்போது மாத்திரைக்காக மட்டும் அவரை அழைப்பதில்லை. எடை பார்க்க வேண்டும், ஏனென்றால் எத்தனை மாத்திரை என்பதே எடையைப் பொறுத்தது. கல்லீரல் ஒத்துக்கொள்கிறதா, கண் பார்வையில் மாற்றம் உண்டா என்று கேட்க வேண்டும். ஏப்ரல் 27 இன்னும் முக்கியம். அன்று சளிப் பரிசோதனை. அடுத்த கட்ட மருந்துக்கு மாறும் முன் அந்த முடிவு வேண்டும். சரக்கு எண்ணுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அனுப்ப முடியும் என்றால் சொல்லுங்கள், முன்னால் நகர்த்துவதில் தடையில்லை.

தமிழரசு:
தினமும் நேரில் வந்து மாத்திரை விழுங்கச் சொல்லும் மையங்களும் இருக்கின்றனவே? அப்படியென்றால் ஆறு தேதி போதாது.

நெஞ்சகப்பிரிவு:
போதாதுதான், நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். அங்கே விடுப்பு கேட்கவே கூடாது, வேலை தொடங்கும் நேரத்தைத்தான் கேட்க வேண்டும். "ஏப்ரல் 26 வரை வேலைநாட்களில் 8 மணிக்குப் பதில் 8.45-க்கு வர அனுமதிக்கவும்" என்று எழுதினால் கிடைக்க வாய்ப்புண்டு. "தினமும் சிகிச்சைக்கு வர வேண்டும்" என்று எழுதினால் கிடைக்காது. கைப்பேசியில் வீடியோ எடுத்து அனுப்பும் முறை உங்கள் மையத்தில் இருந்தால் இந்தப் பத்தியே தேவைப்படாது.

புதுடாக்டர், நீங்கள் அனுப்பும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

"இவர் எங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருகிறார். மார்ச் 2 முதல் 15 வரை பணிக்கு வர இயலாது. மார்ச் 16 அன்று பரிசோதித்து, பணிக்குத் தகுதியா என்பதைத் தனிச் சான்றில் தெரிவிப்போம். பணிக்குத் திரும்பிய பின் மார்ச் 30, ஏப்ரல் 27, மே 25, ஜூன் 22, ஜூலை 20, ஆகஸ்ட் 17 ஆகிய நாட்களில் காலை 8 முதல் 12 வரை இங்கு வர வேண்டும். மருந்து அந்தந்த நாளுக்கு முந்தைய இரவோடு தீர்வதால் இவற்றைப் பின்னால் தள்ள இயலாது. முன்னதாக மாற்ற வேண்டுமானால் எங்களைக் கேட்கவும். உடல்நிலை காரணமாக முன்னறிவிப்பின்றி வர நேர்ந்தால், வந்து சென்ற நேரத்தைக் குறித்துச் சீட்டு கொடுத்தனுப்புவோம். மே முதல் வாரத்தில் மீதித் தேதிகளை உறுதிசெய்தோ மாற்றியோ மற்றொரு கடிதம் அனுப்புவோம். இது அவருடைய ஒப்புதலுடன் வழங்கப்படுகிறது."

மனிதவளமேசை:
"முன்னறிவிப்பின்றி" என்பது மட்டும் உறுத்துகிறது. எத்தனை முறை என்று எழுத மாட்டீர்களா? இரண்டு என்றோ மூன்று என்றோ?

நெஞ்சகப்பிரிவு:
எழுத முடியாது. கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறோம். மூன்று முறை என்று எழுதினால், நான்காம் முறை அவர் வேலைக்குப் பயந்து மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கிக்கொண்டிருப்பார். கல்லீரல் அழற்சியில் அது உயிருக்கே ஆபத்து. பலருக்கு இப்படி ஒரு நாள்கூடத் தேவைப்படாது. வந்தால் சீட்டு இருக்கும், அதைச் சரிபாருங்கள்.

புதுடாக்டர்:
மே முதல் வாரக் கடிதம் எதற்கு? ஆறு தேதியும் கொடுத்தாயிற்றே.

நெஞ்சகப்பிரிவு:
ஏப்ரல் 27 சளியில் இன்னும் கிருமி தெரிந்தால், மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்று மறுபடி பார்ப்பீர்கள், அடுத்த மாதமும் சளி எடுப்பீர்கள். மருந்தே மாறினால் ஈ.சி.ஜி., ரத்த அணுக்கள் என்று வருகைகள் கூடும். முதல் கடிதத்திலேயே அந்த வாசலைத் திறந்து வைக்காவிட்டால், மே மாதத்தில் நிறுவனம் "சொன்னது ஒன்று, செய்வது ஒன்று" என்று நிற்கும்.

மனிதவளமேசை:
கடிதம் எனக்குச் சம்மதம். ஆனால் ஒன்று பாக்கி. மார்ச் 2-க்கு முன்னால் அவர் இருமிக்கொண்டே எங்கள் தளத்தில் வேலை பார்த்திருப்பார். பக்கத்தில் நின்றவர்களுக்கு யார் சொல்வது? பெயரை மறைத்தால் அவர்கள் பரிசோதனைக்குப் போவது எப்படி?

நெஞ்சகப்பிரிவு:
அது இந்தக் கடிதத்தின் வேலை இல்லை, பொதுசுகாதாரத் துறை வந்து செய்ய வேண்டிய வேலை. "இந்தத் தளத்தில் இருப்பவர்கள் பரிசோதித்துக்கொள்ளுங்கள்" என்று ஆளைச் சொல்லாமலே கேட்பார்கள்.

மனிதவளமேசை:
எட்டுப் பேர் வேலை செய்யும் தளத்தில், இரண்டு வாரம் ஒருவர் வராமல் இருந்த பிறகு?

நெஞ்சகப்பிரிவு:
ஆமாம், ஊகித்துவிடுவார்கள். சிறிய இடத்தில் அதைத் தடுக்க வழியில்லை. துறையினர் வருவதற்கு முன்பே நோயாளியிடம் இதை உடைத்துப் பேசி, யாரிடம் தானே சொல்லிக்கொள்ள விரும்புகிறார் என்று கேட்டு வைக்கத்தான் முடியும்.

புதுடாக்டர்:
நாளை அவர் வருகிறார். கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்கிறேன்.