நடப்புக் கூட்டுத்தொகை மறையானதும் பூச்சியமாக்குவது எப்படிச் சரியாகும்?

உப்புவெளி_மாணவி
வணக்கம். நாளை காலை ஒப்படைக்க வேண்டிய பயிற்சியில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ஓர் அணியில் அடுத்தடுத்து இருக்கும் உறுப்புகளைக் கூட்டிப் பெறக்கூடிய மிகப் பெரிய தொகையைக் காண வேண்டும். கூட்டிக்கொண்டே போகையில் தொகை மறையானால் அதைப் பூச்சியமாக்கிவிட்டுத் தொடரும்படி ஆசிரியர் சொன்னார். அப்படிக் கைவிட்ட பகுதிக்கு நடுவிலேயே சரியான விடையின் தொடக்கம் இருந்தால் என்னாவது? அத்தோடு என் நிரல் ஒரு சோதனையில் பிழையான விடை தருகிறது. அவசரமாக உதவுங்கள்.

மூதூர்_நிரலாளர்
தங்கச்சி, நிரலையும், பிழைத்த சோதனையின் உள்ளீட்டையும், எதிர்பார்த்த விடையையும் தாருங்கள். எல்லா எண்களும் மறையாக இருக்கும் சோதனையா அது?

தம்பலகாமம்_வயல்
பூச்சியமாக்குவதில் மர்மம் ஒன்றுமில்லை. மறை எண் எதுவும் தொகையைக் குறைக்கும். ஆகவே மறை எண் வந்தவுடன் விட்டுவிட்டு, அடுத்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

உட்துறைமுக_வீதி
இது 1977 இல் உல்ஃப் கிரெனாண்டர் எழுப்பிய கேள்வி. புள்ளியியலாளர் கடேன் ஒரே சுற்றில் தீர்த்துவிட்டார். கேட்பதற்கு முன் ஒரு தாளில் ஐந்தாறு எண்களை எழுதிக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் இக்கால மாணவர்களுக்கு இல்லாமற் போனது வருத்தம். தம்பலகாமத்துத் தம்பி சொன்னதும் தவறு. 4, -1, 5 என்பதை அவர் வழியில் கூட்டினால் 5 கிடைக்கும். சரியான விடை 8.

சாம்பல்தீவு_படகு
என் படகின் நாள் வரவு செலவை இப்படித்தான் பார்க்க நினைத்தேன். இலாபம் வந்த நாள்களை மட்டும் கூட்டினால் மிகப் பெரிய தொகை வந்துவிடுமே, இவ்வளவு சுற்று எதற்கு?

மூதூர்_நிரலாளர்
அண்ணா, நாள்கள் இடைவெளியின்றித் தொடர வேண்டும் என்பதே இங்குள்ள நிபந்தனை; நடுவில் நட்டப்பட்ட நாளைத் தாண்டிக் குதிக்க முடியாது.

தங்கச்சியின் முதற் கேள்விக்கு உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஆறு நாள்களின் வரவு, ஆயிரம் ரூபாய்க் கணக்கில், 2, 3, -6, 4, -1, 5 என்று வைப்போம். தொகை 2, 5, -1 என்று போகிறது. இப்போது முதல் மூன்று நாள்களையும் கைவிடுகிறோம். இரண்டாம் நாளிலிருந்து தொடங்கியிருந்தால் நான்காம் நாளுக்குக் கொண்டுவந்திருப்பது 3 - 6, அதாவது -3. மூன்றாம் நாளிலிருந்து என்றால் -6. முதல் நாளிலிருந்து வந்த -1 ஐ விட இரண்டும் மோசம். இது தற்செயலன்று. இதற்கு முன் தொகை ஒருமுறையும் மறையாகவில்லை, ஆகியிருந்தால் அப்போதே கைவிட்டிருப்போம். ஆகையால் நடுவில் எங்கே தொடங்கினாலும் அதற்கு முன்னிருந்த, மறையல்லாத ஒரு தொகையை இழந்துதான் தொடங்குகிறோம். முழுப் பகுதியே மறையென்றால், அதன் எந்த வால்பகுதியும் அதைவிடப் பெரிதாக இருக்காது. ஆதலால் அங்கே தொடங்கி நான்காம் நாளுக்குள் நுழையும் எந்தப் பகுதியும் கடனோடுதான் நுழையும். அந்தக் கடனை விட்டால் 4, 3, 8, விடை 8. கைவிட்ட பகுதிக்குள்ளேயே முடிந்த 2 + 3 = 5 தொலைந்துவிடவில்லை, அதுவரை கண்ட மிகப் பெரிய தொகையை வைத்திருக்கும் `best` என்ற மாறி அதை ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறது.

உப்புவெளி_மாணவி
முதற் கேள்வி விளங்கிவிட்டது, நன்றி அண்ணா. உள்ளீடு -8, -2, -5, எதிர்பார்த்தது -2, எனக்கு 0 வருகிறது.

```
best = cur = 0
for x in a:
    cur += x
    if cur < 0:
        cur = 0
    best = max(best, cur)
```

தம்பலகாமம்_வயல்
`best` ஐ `a[0]` இலிருந்து தொடங்குங்கள், தீர்ந்துவிடும்.

மூதூர்_நிரலாளர்
அது பாதிதான். முதற் சுற்றில் `cur` பூச்சியமான பிறகே ஒப்பிடுவதால் -8 ஐ விட 0 பெரிதாகி, மீண்டும் 0 தான் வரும். `best` ஐ மாற்றும் வரியையும் `if` இற்கு மேலே கொண்டு செல்லுங்கள்.

உட்துறைமுக_வீதி
0 என்பதைப் பிழை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒன்றையுமே எடுக்காத வெற்றுப் பகுதியின் தொகை 0. அதையும் ஏற்பதே ஒழுங்கான வரையறை.

சாம்பல்தீவு_படகு
எனக்கும் அதுவே பொருத்தம். நட்டம் மட்டுமே வரும் காலத்தில் கடலுக்குப் போகாமல் இருப்பதே சிறந்தது, அதன் வரவு 0.

மூதூர்_நிரலாளர்
உங்கள் கணக்குக்குச் சரி அண்ணா. ஆனால் குறைந்தது ஓர் உறுப்பாவது வேண்டும் என்று வினா கேட்டால் 0 பொய்யான விடை, ஏனெனில் அந்த அணியில் 0 கிடைக்கும் பகுதியே இல்லை. வினாத்தாளில் என்ன எழுதியிருக்கிறது, தங்கச்சி?

உட்துறைமுக_வீதி
வினா எப்படியிருந்தாலும் வரையறை வரையறைதான்.

உப்புவெளி_மாணவி
இரண்டையும் மாற்றினேன், -2 வந்தது. வினாவில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாளை ஆசிரியரிடம் கேட்கிறேன்.