பொருள்: "டோட்டல் ரிட்டர்ன்" முதலீட்டுக்குத் தமிழ்ச்சொல் தேவை

மங்கை எழுதியது:
அன்புடையீர், ஓய்வு பெற்றவர்களுக்கான முதலீட்டுக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். பங்குகள் தரும் ஈவுத்தொகையை மட்டும் எடுத்துச் செலவிடுவது ஒரு வழி. ஈவுத்தொகை, விலையேற்றம் இரண்டையும் ஒன்றாகக் கருதி, தேவைப்படும் தொகைக்குப் பரஸ்பர நிதி யூனிட்டுகளை விற்றுக்கொள்வது இன்னொரு வழி. முதலாவதை "ஈவுவழி முதலீடு" என்று எழுதிவிட்டேன். இரண்டாவதை "மொத்த வருவாய் முதலீடு" என்று எழுதியபோது, படித்துப் பார்த்த இருவருமே மாதாமாதம் கூடுதலாகப் பணம் வரும் திட்டம் என்று புரிந்துகொண்டார்கள். "முழு ஈட்டம்" பொருந்துமா?

கோதண்டராமன் எழுதியது:
சொல் அழகாக இருக்கிறது. ஆனால் பொருளுக்குப் பொருந்தவில்லை. முப்பது ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஈவுத்தொகை என்பது தோப்பில் விழும் தேங்காய், யூனிட்டை விற்பது மரத்தையே வெட்டுவது. அதை ஈட்டம் என்று அழைப்பது வாசகரை ஏமாற்றுவதாகும். "முதல் கரைப்பு முறை" என்று வெளிப்படையாகவே எழுதலாம்.

அமுதா எழுதியது:
ஐயா, பரஸ்பர நிதிகளில் இந்தத் தோப்புக் கணக்கு பொருந்தாது. ஒருவரிடம் 40 ரூபாய் மதிப்புள்ள 10,000 யூனிட்டுகள், அதாவது 4 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று கொள்வோம். நிதி நிறுவனம் யூனிட்டுக்கு 2 ரூபாய் வழங்கினால் அவர் கைக்கு 20,000 ரூபாய் வரும். ஆனால் யூனிட்டின் மதிப்பு அன்றே 38 ஆகக் குறையும், மீதம் 3.8 லட்சம். வழங்கலே இல்லாமல் அவராக 500 யூனிட்டுகளை விற்றாலும் அதே 20,000 ரூபாய்தான், அதே 3.8 லட்சம்தான். இதனால்தான் நிதித் திட்டங்களில் "டிவிடெண்ட்" என்ற பெயரையே பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி நீக்கி, 2021 ஏப்ரல் முதல், முதலும் அதில் திரும்பி வரக்கூடும் என்பது தெரியும்படி நீண்ட பெயர் ஒன்றைக் கட்டாயமாக்கியது. எனவே "கரைப்பு" என்ற பெயரை ஒரு பக்கத்துக்கு மட்டும் சூட்டுவது நியாயமாகாது.

வேறுபாடு வரியில் இருக்கிறது. 30 சதவீத வரிப்படியில் இருப்பவர் ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாயை ஈவாகப் பெற்றால் 1.2 லட்சம் ரூபாய் வரி, மேல்வரி தனி. அதே தொகைக்கு, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த, 24 ரூபாய்க்கு வாங்கிய பங்குசார் நிதி யூனிட்டுகளை 40 ரூபாய்க்கு விற்றால் லாபம் 1.6 லட்சம் மட்டுமே, அதில் 1.25 லட்சத்துக்கு விலக்கு போக, 35,000 ரூபாய்க்கு 12.5 சதவீதம், அதாவது 4,375 ரூபாய்.

சேவியர் எழுதியது:
என் தாயாருக்கு ஓய்வூதியமும் ஈவுத்தொகையும் சேர்ந்தே ஏழு லட்சத்தைத் தாண்டாது. அவர் வரியே கட்டவில்லை. ஈவுத்தொகையில் வரியாகப் பிடித்த பத்து சதவீதமும் திரும்ப வந்துவிட்டது. அப்படியானால் அவர் எந்த நிதிக்கு மாற வேண்டும் என்று யாரேனும் சொல்ல முடியுமா?

அமுதா எழுதியது:
இது சொல் பற்றிய இழை என்பதால் நிதிகளின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் எடுத்துக்காட்டு முக்கியமானது. 2025–26 நிலவரப்படி புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கமான வருமானத்துக்கு வரி இல்லை. பங்குகளின் நீண்டகால லாபத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எனவே தாயார் வரிக்காக மாற வேண்டிய தேவை இல்லை. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கிறாரா என்பதை மட்டும் பாருங்கள். வேதாந்தா நிறுவனம் 2022–23க்குப் பங்குக்கு 101.50 ரூபாய் வழங்கியது, அடுத்த ஆண்டுக்கு 29.50. அதை நம்பி மாதச் செலவைத் திட்டமிட முடியாது.

கோதண்டராமன் எழுதியது:
கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் சந்தை சரிந்து 40 ரூபாய் யூனிட் 25 ஆனால், அதே 20,000 ரூபாய்க்கு 800 யூனிட்டுகளை விற்க வேண்டும். பின்னர் விலை ஏறும்போது அந்த யூனிட்டுகள் கையில் இருக்காது. ஈவு வாங்குபவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இதற்கும் உங்கள் சொல்லில் இடம் வேண்டும்.

அமுதா எழுதியது:
அந்த ஆபத்து உண்மைதான். அதற்காகத்தான் இரண்டு, மூன்று ஆண்டுச் செலவை வைப்புத் தொகையில் ஒதுக்கி, சரிவுக் காலத்தில் அதிலிருந்து எடுக்கச் சொல்கிறோம். சரிவு அதைவிட நீண்டால் ஒதுக்கியதும் தீரும். ஆனால் அத்தகைய காலத்தில் நிறுவனங்களும் ஈவைக் குறைப்பதுண்டு.

மங்கை எழுதியது:
அப்படியானால் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்கிறேன். ஈவும் விலை மாற்றமும் சேர்ந்த அளவுக்கு "முழு ஈட்டம்". 2018 பிப்ரவரி முதல் நிதிகள் தம்மை ஒப்பிட்டுக் காட்ட வேண்டிய குறியீட்டுக்கு "முழு ஈட்டக் குறியீடு" என்றும் எழுதலாம். மாதந்தோறும் யூனிட்டுகளை விற்றுப் பணம் பெறும் செயலுக்குத் "தவணை மீட்பு". அதில் முதல் கரையக்கூடும் என்பதை ஐயா சொன்னபடி விளக்கத்தில் சேர்க்கிறேன். பரஸ்பர நிதி வழங்குவதை இனியும் "ஈவுத்தொகை" என்று எழுதலாமா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை; "வழங்கல்" என்று எழுதினால் கோவில் பிரசாதம்போல் ஒலிக்கிறது. வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.