வகுப்பு குரூப்பில் 🍆 🍑 💦 வருகிறது, அர்த்தமும் என்ன செய்வதென்றும் சொல்லுங்கள்

செந்தாமரை டீச்சர்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புக்கு நான் அட்மின். விளையாட்டு விழாவில் நீளம் தாண்டிய மாணவியின் படத்தைப் போட்டேன். ஒரு பையன் 🍑 ரியாக்‌ஷன் வைத்தான், இன்னொருவன் கீழேயே 🍑💦 என்று பதில் போட்டான். கேட்டால் "பழம்தானே மிஸ்" என்கிறார்கள். மதிய உணவு மெனுவுக்குக் கீழேயும் 🍆 வருகிறது. எதைத்தான் தப்பாக எடுத்துக்கொள்வது? கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

குமரேசன்:
🍆 என்றாலே ஆபாசம்தான் டீச்சர். இன்ஸ்டாகிராமே தடை பண்ணிடுச்சு. செட்டிங்ஸ்ல அந்த எமோஜிகளை பிளாக் பண்ணிட்டா முடிஞ்சது.

நிலா:
குமரேசன், பாதிதான் சரி. இன்ஸ்டாகிராம் 2015-ல் நிறுத்தியது 🍆 ஹேஷ்டேக்கைத் தேடுவதை மட்டும்தான், பதிவில் போடுவதை இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் குறிப்பிட்ட எமோஜியைத் தடுக்க வழியே கிடையாது.

டீச்சர், நேராகவே சொல்கிறேன். 🍆, 🍌 ஆணுறுப்பு. 🍑 பின்பக்கம். 🍒 மார்பு. 🌮 பெண்ணுறுப்பு. 💦 உடலுறவு சார்ந்த திரவம். 👉👌 சேர்ந்து வந்தால் உடலுறவு. 🌽 ஆபாசப் படம்: ஆங்கிலத்தில் 'கார்ன்', 'போர்ன்' இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால், டிக்டாக் மாதிரி இடங்களில் வடிகட்டியிலிருந்து தப்பிக்க வந்த பழக்கம்.

இந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் பிடிக்காதீர்கள். எதற்குக் கீழே வந்தது, பக்கத்தில் என்ன இருக்கிறது, அடுத்து மற்றவர்கள் என்ன போட்டார்கள், இந்த மூன்றையும் பாருங்கள். உங்கள் படத்தையே எடுங்கள். தாண்டுகிற பெண்ணுக்கும் பீச் பழத்துக்கும் சம்பந்தமே இல்லை. நம் ஊரில் அந்தப் பழத்தைப் பற்றிப் பேச்சே வருவதில்லை, அதனால் 🍑 வந்தால் பழம் என்ற சாக்கு நிற்காது. கூட 💦 வேறு. அடுத்த நிமிடமே 😏 👀 😂 வரிசை கட்டியிருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு அர்த்தம் புரிந்திருக்கிறது. இது அந்த மாணவியைச் சீண்டுவதுதான்.

ரஹீம்:
எனக்கும் இதே பிரச்சினை. எமோஜி வர்ற இடத்துல கட்டம் கட்டமாத்தான் தெரியுது. எப்படிச் சரி பண்றது?

நிலா:
ரஹீம், உங்கள் போனில் வாட்ஸ்அப் பழைய பதிப்பாக இருக்கும், புது எமோஜிகள் அதில் இருக்காது. வாட்ஸ்அப்பை அப்டேட் செய்து பாருங்கள். இங்கே கேள்வி வேறு.

செந்தாமரை டீச்சர்:
சரி, மெனுவுக்குக் கீழே வந்த 🍆?

நிலா:
அன்று கத்திரிக்காய் சாம்பாரா? அப்படியானால் விட்டுவிடுங்கள். 'காதலாவது கத்தரிக்காயாவது' என்ற கிண்டலுக்கும் இதைப் போடுவார்கள். 🥜 இன்னும் குழப்பம். ஆங்கிலக் கொச்சையில் அது விந்து வெளியேறுவதைக் குறிக்கும், நம் பிள்ளைகள் பெரும்பாலும் 'கடலை போடுறான்' என்ற அர்த்தத்தில்தான் வைப்பார்கள். 👌 தனியாக வந்தால் 'சூப்பர்', அவ்வளவுதான். ஆனால் ரியாக்‌ஷனில் ஒருவர் ஒரு எமோஜிதான் வைக்க முடியும் என்பதால், 👉 ஒருவன், 👌 இன்னொருவன் என்று பிரித்துப் போடுவதும் உண்டு. ரியாக்‌ஷனைத் தொட்டால் யார் எதை வைத்தார்கள் என்று வரும்.

முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ரியாக்‌ஷனை எடுத்துவிட்டால் தடமே இருக்காது. பிறகு 🍑💦 பதிலை அட்மினாக எல்லோருக்கும் சேர்த்து அழியுங்கள். மற்றவர் வைத்த ரியாக்‌ஷனை மட்டும் அட்மின் எடுக்க முடியாது. அந்தப் படத்தையே நீக்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும். அறிவிப்பு குரூப்தானே, அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றலாம். அப்படி மாற்றினாலும் ரியாக்‌ஷன் வந்துகொண்டுதான் இருக்கும், அதனால் மாணவர் படங்களை அங்கே போடாமல் இருப்பது மேல்.

சண்முகம்:
குரூப்பிலேயே பேரைச் சொல்லிக் கேட்டுவிடணும். நாலு பேர் முன்னாடி கேட்டாத்தான் அடங்குவாங்க.

நிலா:
அங்கே கேட்டால் அந்தப் பெண்ணின் படம்தான் மறுபடி பேச்சாகும் ஐயா. பையன்களைத் தனித்தனியே, இன்னொரு ஆசிரியரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள் என்பேன். "இதுக்கு என்ன அர்த்தம்" என்று கேட்காதீர்கள், "பழம்" என்பார்கள். "இந்தப் படத்துக்கு ஏன் இதை வச்சே?" என்று கேளுங்கள். மாணவியிடம் ஓர் ஆசிரியை தனியாகப் பேசட்டும்.

சண்முகம்:
தனியாப் பேசினா மத்த பசங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒப்பவில்லை.

செந்தாமரை டீச்சர்:
ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். 💦 போட்ட எண் எங்கள் மாணவர் யாருடையதும் இல்லை என்று இப்போதுதான் பார்த்தேன்.

நிலா:
அப்படியானால் கதையே வேறு. அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு குரூப்பிலிருந்து நீக்குங்கள். அழைப்பு லிங்க்கை ரீசெட் செய்யுங்கள், பழைய லிங்க் வழியாக அப்புறம் யாரும் நுழைய முடியாது. தலைமை ஆசிரியரிடம் இன்றே எழுத்தில் கொடுங்கள். அந்த எண்ணிலிருந்து பிள்ளைகள் யாருக்காவது தனியாகச் செய்தி வந்ததா, படம் கேட்டதா என்று விசாரியுங்கள். பெரியவர் யாராவது அப்படிச் செய்திருந்தால் அது போக்சோவில் வரக்கூடியது. பள்ளிக்குள் பேசி முடிக்கப் பார்க்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லியாக வேண்டும்.