புதுப்பிப்பு: பெருந்துறைப் பக்கத்து வங்கிக் கிளைத் தணிக்கை

என் பழைய கேள்வி: "6 வருசமா அசையாத சேமிப்புக் கணக்கு, திடீர்னு உயிர் வந்து 3 நாள்ல காலி. கேஒய்சி சரியா இருக்கு. எங்க பாக்கறதுங்க?"

தணிக்கை அனுபவமுள்ள அண்ணன் ஒருத்தர், "மொபைல் நம்பர் மாத்துன பதிவைப் பாருங்க கண்ணு" என்றார். அதுதான். உயிர்ப்பித்ததற்கு முந்தின நாள் நம்பர் மாறியிருக்கு. பதிந்ததும் அனுமதித்ததும் வேற வேற ஊழியர் ஐடி, ஆனா ஒரே கம்ப்யூட்டர். பாஸ்வேர்டு கைமாறியிருக்கணும். கையெழுத்து அட்டையோட ஒத்துப்பார்த்த தடயமே இல்லை.

"10 வருசமானாத்தான் சிக்கல்" என்றவருக்கு: யாரும் கேக்காத பணம் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போறது அப்போதான்; 2 வருசத்திலேயே செயலற்றதாக் குறிச்சிருக்கணும்.

அப்பத்தாவோட பழைய கணக்குப் பணத்தை எங்க கேக்கறதுன்னு கேட்ட தம்பி, நிதிக்குப் போனாலும் உங்க கிளையிலேயே கேளுங்க. வங்கி கொடுத்துட்டு நிதியிலிருந்து வாங்கிக்கும்.

கணக்குக்காரரை இன்னும் தேடறோம்.