எஸ்ஓபியில் 'ஜர்னி'க்கு வட்டம் வாங்கியவர்கள் வாங்க

மொட்டைமாடி
ஜெர்மனி மாஸ்டர்ஸ் விண்ணப்பத்துக்கு, ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் எஸ்ஓபி கட்டுரையை எழுதி சீனியர் அக்காவிடம் கொடுத்தேன். ஒரே பக்கத்தில் ஆறு 'ஜர்னி', எல்லாவற்றுக்கும் சிவப்பு வட்டம். முதல் வரி: 'சிறுவயதில் ரேடியோவைப் பிரித்தபோது தொடங்கியது என் எலக்ட்ரானிக்ஸ் ஜர்னி.' "நிஜமா பிரிச்சியா?" என்றார். எங்கள் வீட்டில் ரேடியோவே கிடையாது. இன்னும் உறுத்துகிறது.

"சரி, ப்ராஜெக்ட்ல எது சொதப்புச்சு?" என்று அடுத்துக் கேட்டார். மண் ஈரம் பார்க்கும் சென்சார். எந்நேரமும் கரண்ட் கொடுத்துத் தொட்டியில் குத்தி வைத்திருந்தோம், கொஞ்ச நாளில் ஒரு கால் அரித்துப்போய் ஈர மண்ணையும் காய்ந்தது என்று காட்டியது. அப்புறம் ரீடிங் எடுக்கும் நொடியில் மட்டும் கரண்ட் போகிற மாதிரி ப்ரோகிராமை மாற்றினோம். புது முதல் வரி: 'தண்ணீர் சொட்டும் மண்ணை என் சென்சார் காய்ந்தது என்றது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு கால் பாதி கரைந்திருந்தது.'

கோவை_மெக்
இவ்வளவு எதற்கு? நான் 'ஜர்னி'யை எல்லாம் 'எவல்யூஷன்', 'மைல்ஸ்டோன்' என்று மாற்றினேன், முடிந்தது. ரேடியோ எல்லாரும் எழுதுவதுதான்.

தாமரை77
அப்பா ரிட்டயர்மெண்டுக்கு நான் எழுதிய உரையிலும் 'முப்பதாண்டுப் பயணம்' வந்தது, தம்பி சிரித்தான். ஆனால் அப்பா பஸ் டிரைவர், அவருக்கு அது உவமையே இல்லையே! கடைசியில் கியர் போட்டுப் போட்டு இடது உள்ளங்கையில் காய்த்துப்போனதைச் சொன்னேன், டிப்போக்காரர்கள் எல்லாரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

பழையவாத்தி
கோவை, பெயர்தான் மாறியிருக்கிறது, ஆள் அதேதான். 'என் ஜர்னி எனக்கு விடாமுயற்சியைக் கற்றுத்தந்தது' என்பதில் ஜர்னியை அடித்துவிட்டுப் பாருங்கள், என்ன செய்தீர்கள் என்று ஒன்றுமே மிஞ்சாது. அந்த ஓட்டையை மூடத்தான் அந்தச் சொல் வருகிறது. வேறு சொல் தேடாமல், அந்த மாதங்களில் கையில் என்ன இருந்தது, எது உடைந்தது, எதை மாற்றினீர்கள் என்று எழுதிப் பாருங்கள்.

மொட்டைமாடிக்கும் ஒன்று: கரைந்த கம்பியோடு நிறுத்தினால் அது வெறும் கதை. அடுத்த வரியிலேயே அது ஏன் கரைந்தது, அங்கே நீங்கள் படிக்கப்போகிற எந்தப் பாடம் அதைத் தொடுகிறது என்று வர வேண்டும். பிரிட்டனுக்கு இளங்கலை விண்ணப்பம் போடும் ஒரு பையன், இடைவெளியும் சேர்த்து மொத்தமே 4000 எழுத்து என்கிற இடத்தில், பாட்டி வீட்டுக் கிணற்றுக்கு மட்டும் 1500 செலவழித்தான். கிணறு அருமை. அவன் கேட்டது கணக்குப் படிப்பு.

மொட்டைமாடி
பாடம் சேர்த்துவிட்டேன் சார். கடைசி வரியில்தான் 'இந்தப் படிப்பு என் அடுத்த படிக்கட்டு' அப்படியே இருக்கிறது. எடுத்தால் மொட்டையாக நிற்கிறது.

பழையவாத்தி
நிற்கட்டும்.

கோவை_மெக்
சார், நான் ரேடியோவை நிஜமாவே பிரித்தேன். அதையும் எடுக்கணுமா?

பழையவாத்தி
உள்ளே என்ன இருந்தது?

கோவை_மெக்
தெரியவில்லை, திரும்ப மாட்ட வரவில்லை. ஸ்பீக்கர் காந்தம் மட்டும் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.