ஈர்க்குக் கட்டு பிழையா, பயிற்சித்தாள் பிழையா?

மாங்குளம் டீச்சர்: தரம் 2 பிள்ளைகள் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டும் உதிரி ஈர்க்கும் உள்ள படத்தையும் எண்ணையும் கோடு போட்டு இணைக்கிற தாளை ஒரு பிழையும் இல்லாமல் செய்கிறார்கள். ஆனால் "இருபத்து மூன்று" என்று சொல்லி எழுதச் சொன்னால் பாதிப்பேர் 203 எழுதுகிறார்கள். கட்டு கட்டியது வீணா?

வவுனியா அண்ணை: ஈர்க்கை விடுங்கோ டீச்சர். கொப்பியில் பத்துக்கு ஒரு பெட்டி, ஒன்றுக்கு ஒரு பெட்டி கீறி, ஒரு பெட்டிக்குள் ஒரு இலக்கம்தான் என்று சொன்னால் 203 அன்றைக்கே நின்றுவிடும்.

ஒட்டுசுட்டான் ரீட்டா: நிற்கும், பெட்டி இருக்கும் வரைக்கும். பெட்டி இல்லாத கொப்பியைக் கொடுத்துப் பாருங்கள். டீச்சர், அந்தத் தாளில் வலது பக்கம் என்னென்ன எண்கள் இருக்கின்றன?

மாங்குளம் டீச்சர்: 14, 23, 35, 48. இடது பக்கமும் நாலு படம்தான்.

ஒட்டுசுட்டான் ரீட்டா: அங்கேதான் வினை. நாலும் வேறு வேறு இலக்கத்தில் முடிகின்றன, அதனால் பிள்ளை கட்டைப் பார்க்கவே தேவையில்லை, உதிரி மூன்று என்று எண்ணி 3இல் முடிகிற எண்ணுக்குக் கோடு இழுத்தால் சரி வந்துவிடும், கடைசிப் படத்துக்கு அதுவும் வேண்டாம். 2 கட்டும் 3 உதிரியும் உள்ள படத்துக்கு எதிரே 23, 32, 13, 5, 203 எல்லாவற்றையும் போடுங்கள். 5ஐ இணைத்தவன் கட்டையும் ஒரு ஈர்க்காக எண்ணியிருக்கிறான். 32 என்றால் இடம் மாறிவிட்டது. 13 என்றால் உதிரியை மட்டும் பார்த்திருக்கிறான். ஒரு படத்தில் உதிரியை இடப்பக்கமும் கட்டை வலப்பக்கமும் கீறிவிடுங்கள், அப்போது இன்னும் சிலர் பிடிபடுவார்கள்.

203 வேறு கதை. காதில் விழுந்தபடி இருபதை எழுதி, பக்கத்தில் மூன்றை எழுதுகிறார்கள். 20 என்று ஒரு அட்டை, அதில் பாதி அகலத்தில் 3 என்று ஒரு அட்டை வெட்டுங்கள். இரண்டு கட்டின் மேல் 20, உதிரியின் மேல் 3. பிறகு 3ஐத் தூக்கிப் பூச்சியத்தின் மேல் வைக்கச் சொல்லுங்கள்.

கிளிநொச்சி அப்பா: என் மகள் தொண்ணூறு என்றால் 100 எழுதுகிறாள். அதுக்கும் ஈர்க்கா?

ஒட்டுசுட்டான் ரீட்டா: அந்தச் சொல்லுக்குள்ளேயே நூறு கேட்கிறதே, பிள்ளை என்ன செய்யும்! ஒன்பது கட்டை அடுக்கி எண்ணவிட்டு, பெயரைத் தனியாகப் பழக்குங்கள்.

வவுனியா அண்ணை: முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு அட்டை வெட்டி முடிய தவணையும் முடிந்துவிடும். பெட்டிதான் நடைமுறை.

மாங்குளம் டீச்சர்: புதுத் தாளை இன்று ஆறு பேருக்குக் கொடுத்தேன். நாலு பேர் 5ஐ இணைத்தார்கள். கட்டுகளை நானேதான் கட்டிக் கொடுத்திருந்தேன்.

ஒட்டுசுட்டான் ரீட்டா: அவிழ்த்துவிடுங்கள். எண்ணி, இறப்பர் பான்ட் போட்டு அவர்களே கட்டட்டும்.