பதினொன்றாம் வகுப்பு எல்லைக் கணக்கு: வீட்டுப்பாடத்தில் நான் நடத்தாத முறை வருகிறது, எப்படி உறுதி செய்வது?

கரும்பலகை_கணக்கு:
மேல்நிலை முதலாமாண்டு, தமிழ் வழி, மொத்தம் 38 பேர். போன வாரம் எல்லைகள் பாடத்திலிருந்து ஆறு கணக்கு கொடுத்தேன். வகைநுண்கணிதம் இன்னும் தொடங்கவே இல்லை. மூன்று பேருடைய நோட்டு மட்டும் உறுத்துகிறது.

நான்காவது கணக்கு இது:

```
lim (x→0)  (√(x+9) − 3) / x
```

மேலும் கீழும் √(x+9) + 3 ஆல் பெருக்கி, x-ஐ அடித்து, 1/6 என்று முடிக்க வேண்டும். வகுப்பில் இரண்டு நாள் இதைத்தான் போட்டோம். முதல் பையன் ஒரே வரியில் மேலேயும் கீழேயும் வகையிட்டு 1/6 எழுதியிருக்கிறான். லோபிதால் விதி பன்னிரண்டாம் வகுப்பில்தான் வரும். இரண்டாவது பெண் இந்தக் கணக்கை நான் சொன்னபடியே போட்டிருக்கிறாள். ஆனால் அடுத்த கணக்கில் sin 5x / sin 3x-க்கு டெய்லர் தொடரை விரித்து 5/3 கொண்டு வந்திருக்கிறாள். மூன்றாவது பையனுடையதுதான் விசித்திரம். கேள்வியைச் சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் √x + 9 − 3 என்று தொடங்கி, கடைசியில் முடிவிலி என்கிறான்.

விடை சரியா தப்பா என்பது என் பிரச்சினை இல்லை. ஏஐ செயலியில் போட்டு எடுத்ததா, தானே போட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விடைத்தாள்_சிவப்புமை:
நடத்தாத முறை என்றாலே காப்பிதான் சார். மூன்று பேருக்கும் பூஜ்யம் போடுங்கள். சந்தேகம் இருந்தால் போட்டோ எடுத்து ஏதாவது கண்டறியும் தளத்தில் போட்டுப் பாருங்கள், சதவீதமே சொல்லிவிடும்.

ஓய்வுபெற்ற_முதுகலை:
அந்தத் தளங்களெல்லாம் வாக்கிய நடையைப் பார்த்துச் சொல்பவை, அதிலும் தப்பு நிறைய. நோட்டில் கையால் எழுதிய நாலு வரி கணக்கில் அவற்றுக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை. சதவீதத்தை நம்பி பூஜ்யம் போட்டால் நாளைக்குப் பெற்றோர் முன்னால் நாம்தான் நிற்க வேண்டும்.

நடத்தாத முறை என்பது மட்டும் போதாது. மாலையில் ஜேஇஇ கோச்சிங் போகும் பிள்ளை லோபிதாலை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டு வந்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பழக்கம் இருக்கும். புதிதாகக் கிடைத்த சுத்தியல் மாதிரி எல்லாக் கணக்கிலும் அதையே போட்டு அடிக்கும், (x² − 4)/(x − 2)-ஐக் கூட விடாது. அதனால் ஒரு கணக்கை விட்டுவிட்டு ஆறையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றில் பெருக்கல், ஒன்றில் தொடர், ஒன்றில் வகையீடு என்று மாறி மாறி வந்தால் அது ஒரே கையின் பழக்கமாகத் தெரியவில்லை.

அப்புறம், எந்தப் படி விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். நம் பிள்ளைகள் சுலபமானதைத் தாவுவார்கள், கஷ்டமான இடத்தில் அடித்து அடித்து எழுதுவார்கள், ஓரத்தில் கூட்டல் கழித்தல் கிடக்கும். செயலியிலிருந்து வந்தது பெரும்பாலும் தலைகீழ். 'x = 0 எனப் பிரதியிட 0/0 கிடைக்கிறது' என்று ஒரு முழு வாக்கியம் இருக்கும். கை வலிக்கும் சுருக்கல் வரும் இடத்தில் 'சுருக்க' என்று ஒரே சொல்.

மூன்றாவது பையனுடையதில் வர்க்கமூலக் கோட்டைக் கவனியுங்கள். கேள்வியில் கோடு 9 வரை நீண்டிருந்தும் தீர்வு முழுக்க √x-க்கே போகிறது என்றால், போட்டோவில் கோடு சரியாக விழாமல் செயலி அப்படிப் படித்திருக்கலாம். அவசரத்தில் பையனே கோட்டைச் சின்னதாகப் போட்டிருக்கவும் கூடும். அதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இயற்பியல்_ஆய்வகம்:
எங்கள் பக்கமும் இதே கதைதான். தனி ஊசல் ரெக்கார்டு. 80, 90, 100 செ.மீ. மூன்று நீளத்துக்கும் g சரியாக 9.81 வந்திருந்தது. எங்கள் ஆய்வகத்தில் 9.5-இலிருந்து 10 வரை அலையாமல் யாருக்கும் வந்ததே இல்லை. அதை விடுங்கள், 20 அலைவுக்கான நேரம் 38.0637 வினாடி என்று எழுதியிருந்தான். எங்கள் நிறுத்துக் கடிகாரம் காட்டுவதே புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்தான். மீதி இரண்டை எங்கே பார்த்தாய் என்று கேட்டேன், சிரித்துவிட்டான். (நாங்கள் படித்த காலத்திலும் g-யை வைத்துப் பின்னாலிருந்து நேரத்தைக் கண்டுபிடித்து எழுதியவர்கள் உண்டு. ஆனால் லாக் புத்தகத்தில் நாலு இலக்கத்துக்கு மேல் எடுக்க முடியாது!)

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா:
குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள். என் பையனும் பதினொன்றுதான். அவன் அக்கா இன்ஜினியரிங் முதல் வருஷம், இரவில் அவள்தான் சொல்லித்தருகிறாள். அவள் முறையில் போட்டுக்கொண்டு போனதற்கு வகுப்பில் எழுப்பி நிறுத்தி 'எந்த ஆப்?' என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் அழுதான். அந்த 1/6 பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் சார்.

ஓய்வுபெற்ற_முதுகலை:
அம்மா சொல்வது நியாயம். கேட்பதை விசாரணை மாதிரி இல்லாமல் கணக்காகவே கேட்கலாம். வகுப்பு முழுவதற்கும் ஐந்து நிமிடம், இந்த ஒரு கணக்கு:

```
lim (x→2)  (x + 3) / (x² + 1)
```

இங்கே 0/0 வரவில்லை. நேராகப் பிரதியிட்டால் 5/5, விடை 1. விதி எப்போது செல்லும் என்று தெரியாமல் மேலும் கீழும் வகையிட்டால் 1/(2x), அதாவது 1/4 வரும். அக்காவிடமோ கோச்சிங்கிலோ ஒழுங்காகக் கற்ற பிள்ளை இதில் அநேகமாக மாட்டாது. இன்னும் ஆழம் பார்க்க ஆசையிருந்தால், sin x / x-இன் எல்லை 1 என்பதை லோபிதாலால் நிறுவலாமா என்று வாய்மொழியாகக் கேளுங்கள். sin x-ஐ வகையிடவே அந்த எல்லை தேவைப்படுகிறது, வட்டம் சுற்றி அங்கேயே வந்து நிற்கும். அது தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் முறை சொல்லித்தர வேண்டியதே இல்லை.

விடைத்தாள்_சிவப்புமை:
நடத்தாத முறைக்கு மதிப்பெண் தருவதா என்பது வேறு கேள்வி. வகுப்புப் பயிற்சிக்கு நான் தரமாட்டேன்.

கரும்பலகை_கணக்கு:
வெள்ளிக்கிழமை வைத்துப் பார்த்தேன். லோபிதால் பையன் 1 என்று எழுதி, பக்கத்திலேயே '0/0 இல்லை' என்று குறித்திருந்தான். கோச்சிங் போகிறானாம், எனக்குத் தெரியவே தெரியாது. அவனுடைய நோட்டு இன்னும் நாலைப் புரட்டினேன், எல்லாவற்றிலும் அதே விதிதான். பெரியவர் சொன்ன சுத்தியல் சரி.

√x பையனைத் தனியாகக் கூப்பிட்டேன். தீர்வை மூடிவிட்டு அதே கேள்வியைக் கொடுத்ததும் சரியாகப் பெருக்கி 1/6 கொண்டு வந்துவிட்டான். 'அப்புறம் ஏன்டா இதை எழுதினாய்?' என்றேன். ராத்திரி பதினொரு மணி சார், போட்டோ பிடித்தேன் என்றான்.

டெய்லர் பெண்தான் புரியவில்லை. ஐந்து நிமிடக் கணக்கைச் சரியாகப் போட்டாள். தொடர் எங்கே படித்தாய் என்றால் 'ஒரு வீடியோவில்' என்கிறாள். sin x-இன் மூன்றாவது உறுப்பு என்ன என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இயற்பியல்_ஆய்வகம்:
வீடியோ பார்த்து இரண்டு உறுப்பு மட்டும் மனதில் நின்றிருக்கலாமே. sin 7x / tan 2x கொடுத்துப் பாருங்கள். tan-க்கு அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்.

கரும்பலகை_கணக்கு:
திங்கட்கிழமை முதல் பாடவேளை எனக்குத்தான். கொடுத்துப் பார்க்கிறேன்.